ஒற்றை நட்சத்திரமும் ஒரு பதிலும்: புத்தகக்கடைச் சிறுகதை எழுத முழுமையான வழிகாட்டி

சிறிய புத்தகக்கடை ஒன்று. யாரோ ஒருவர் இணையத்தில் அந்தக் கடையைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதுகிறார். கடைக்காரர் கோபப்படாமல் பணிவாகப் பதில் எழுதுகிறார். அதைப் படித்துவிட்டுப் புதிய வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். இப்படி மூன்று வரியில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எட்டுப் பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தால் கதை நான்காவது பக்கத்தில் படுத்துவிடும்.

பதிலுக்கும் வாடிக்கையாளர் வருகைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதுதான் காரணம். பணிவான பதிலைப் படிப்பவர், “பாவம், நல்ல மனிதர்” என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஒருவர் நல்லவர் என்பதற்காக யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு புத்தகம் வாங்கக் கிளம்புவதில்லை. அந்தப் பதிலுக்குள் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று முடிவு செய்யாமல் முதல் வரியைத் தொடாதீர்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் துரத்திக்கொண்டு போகிறது. எடுத்துக்காட்டாக ஒரே கதையை வைத்துக்கொண்டு, அதை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம்.

முதல் படி: கடை எப்படி ஓடுகிறது என்று தீர்மானியுங்கள்

பழைய புத்தக வாசனை, மஞ்சள் விளக்கு, ஜன்னலோரப் பூனை ஆகியவற்றை ஒதுக்கி வையுங்கள். அவை எல்லாப் புத்தகக்கடைக் கதைகளிலும் இருக்கின்றன. எந்தக் கதையையும் நகர்த்துவதில்லை. இந்தக் கடைக்குப் புத்தகம் எங்கிருந்து வருகிறது, வந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நம் கடையைப் பழைய புத்தகக்கடை என்று வைத்துக்கொள்வோம். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். உதவிக்கு ஓர் இளைஞன். அவரை ‘அக்கா’ என்று அழைப்பவன். வீடு காலி செய்பவர்கள், பெற்றோர் இறந்தபின் அலமாரியை என்ன செய்வது என்று தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள். அவர் போய்ப் பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசி எடுத்துவருவார். தேதி, எத்தனை புத்தகம், என்ன தொகை, முக்கியமான தலைப்புகள் ஆகியவற்றைக் கொள்முதல் நோட்டில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் உள்பக்க மூலையிலும் பென்சிலால் விலை குறிப்பார். பேனாவைத் தொடமாட்டார், ஏனென்றால் விலையைப் பின்னால் அழித்து மாற்ற வேண்டியிருக்கும்.

நம் கதைக்குத் தேவையான இடம் இனிதான் வருகிறது. புதிதாக வந்த பழைய புத்தகங்களை உடனே மற்றவற்றோடு கலக்கக் கூடாது. காகிதத்தையும் பசையையும் தின்னும் இராமபாணப் பூச்சி உள்ளே இருக்கலாம். ஈரம் பட்ட தாளில் பூஞ்சை பிடித்திருக்கலாம். கலந்துவிட்டால் கடை முழுவதும் பரவும். அதனால் நம் கடைக்காரர் வாசலருகே தனியாக ஓர் அலமாரி வைத்திருக்கிறார். ஒரு வீட்டிலிருந்து வந்த புத்தகங்கள் சில வாரங்கள் அங்கே, அந்த வீட்டில் இருந்த வரிசையிலேயே நிற்கும். தட்டில் புதிதாகத் துகள் விழுகிறதா, தாளில் அரித்த தடம் கூடுகிறதா என்று பார்ப்பார். ஒன்றுமில்லை என்றால்தான் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவார்.

அவரைப் பொறுத்தவரை இது வெறும் தொழில் பழக்கம். இதில் கவித்துவம் ஏதும் இல்லை. தெரியாமல் உள்ளே வருகிற ஒருவருக்கு மட்டும் அந்த அலமாரி குப்பைமேடாகத் தெரியும். சமையல், கணிதம், துப்பறியும் நாவல், ரயில் கால அட்டவணை என்று எல்லாம் கலந்துகிடக்கும். திட்டுவதற்கான காரணமும் பிறகு ஆட்களை இழுக்கப்போகிற காரணமும் ஒரே பொருளில் இருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கதைக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடினமான வேலை இதுதான். உங்கள் கடை வேறு மாதிரி இருக்கலாம். குழந்தைகள் புத்தகக்கடையாகவோ பாடநூல் கடையாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும், வெளியாளுக்குக் குறையாகத் தெரிகிற, உள்ளே ஒரு காரணம் உள்ள பழக்கம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் படி: திட்டுபவருக்கு நியாயம் கொடுங்கள்

விமர்சனம் எழுதியவரை முட்டாளாகவோ கெட்டவராகவோ காட்டினால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. வாசகர் கடைக்காரர் பக்கம் சாய்ந்துகொள்வார். பிறகு நடப்பதெல்லாம் வெற்றி ஊர்வலம். திட்டுபவர் சொல்வதில் பாதியாவது உண்மையாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு குற்றச்சாட்டு கடைக்காரரைச் சுடுகிற அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“புத்தகம் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போனேன். இருக்கிறது என்றார்கள். மழையில் நனைந்துகொண்டு போனால், விற்றுவிட்டதாம். சொன்னவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியில் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சமையல் புத்தகம். எடுத்தால் கையெல்லாம் தூசி. இதற்குக் கடையை மூடிவிடலாம்.”

இதில் ஐந்து அடிகள் விழுகின்றன. போனில் தவறான தகவல் கொடுத்தது முழு உண்மை. தலை நிமிராதது உண்மைதான். அவர் விலை குறித்துக்கொண்டிருந்தார், ஆனால் அது வந்தவருக்குத் தெரிய வழியில்லை. அலமாரி ஒழுங்கில்லை என்பது பார்வைக்கு உண்மை, காரணம் தெரியாத உண்மை. தூசி, பழைய புத்தகக்கடையில் யாரும் மறுக்க முடியாதது. கடைசி வரி வெறும் எரிச்சல்.

எழுதியவர் மழையில் வந்தார் என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு சொல்லில் அவர் பக்கத்து நியாயம் முழுவதும் வந்துவிடுகிறது. அவர் ஏன் அந்தப் புத்தகத்தைத் தேடினார் என்பதைச் சொல்ல வேண்டாம். சொன்னால் அவருக்கென்று ஒரு கதை முளைத்து, நம் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

விமர்சனத்தின் மொழியிலும் கவனம் வேண்டும். இணையத்தில் கோபமாக எழுதுபவர்கள் நீண்ட வாக்கியம் எழுதுவதில்லை. இலக்கிய நயத்தோடு திட்டுகிற விமர்சகர் ஒருவரை எழுத உங்கள் கை பரபரக்கும். அந்த ஆசையை அடக்குங்கள்.

மூன்றாம் படி: யார் கண்ணால் பார்க்கிறோம்?

கடைக்காரரின் மனத்துக்குள் இருந்துகொண்டு கதை சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவர் ஏன் பணிவாக எழுதுகிறார் என்பதை நாம் விளக்கியாக வேண்டியிருக்கும். உண்மையிலேயே பொறுமைசாலி என்றால் அவர் மகான் ஆகிவிடுகிறார். வியாபாரத்துக்காக என்றால் தந்திரக்காரர் ஆகிவிடுகிறார். இரண்டுமே கதையைச் சின்னதாக்கும். பணிவு வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் புதிராக இருக்கும்.

அதனால் உதவியாளனைப் பிடித்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தை முதலில் பார்ப்பவன் அவன். கொதிப்பவனும் அவன். அந்த வாசல் அலமாரிக்குப் புத்தகங்களைத் தோளில் சுமந்துவந்தவனும் அவன்தான். இது பின்னால் உதவும். அக்கா என்ன எழுதுகிறார் என்று அவனுக்குத் தெரியும், ஏன் எழுதுகிறார் என்று தெரியாது. வாசகரும் அவனோடு நின்று பார்க்கட்டும்.

தன்மையில், ‘நான்’ என்று அவனே சொல்வதாகவும் எழுதலாம். படர்க்கையே எனக்குப் பிடிக்கும். ‘நான்’ என்று தொடங்கினால் இளைஞன் முடிவில் “அன்று நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்” என்று சொல்லாமல் இருக்க மாட்டான்.

நான்காம் படி: பதிலை மூன்று முறை எழுதுங்கள்

கதையின் நடுத்தூண் இந்தப் பதில். அதை நீங்கள் முழுமையாக, சொல்லுக்குச் சொல் எழுதியாக வேண்டும். ‘அவர் பணிவாக ஒரு பதில் எழுதினார்’ என்று சொல்லித் தப்பித்த கதைகளை நான் படித்திருக்கிறேன். அடுப்பை மூட்டாமல் விருந்துக்கு அழைப்பது போன்றது அது.

எழுதுவதற்கு முன் அந்த இடத்தின் விதிகள் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் வரைபடம் போன்ற இடங்களில் கடைக்காரரால் விமர்சனத்தை நீக்க முடியாது. விதிமீறல் இருந்தால் புகார் மட்டும் அளிக்கலாம். அவருடைய பதில் விமர்சனத்துக்கு அடியிலேயே எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். அதைப் பிற்பாடு திருத்தலாம், எடுத்தும் விடலாம். ‘விமர்சனத்தை மாற்றுங்கள், ஒரு புத்தகம் இலவசம்’ என்பது போன்ற பேரத்துக்கு அங்கே அனுமதி இல்லை. ஆகவே இலவசம் கொடுத்து மனம் மாற்றுகிற திருப்பத்தைக் கதையில் வைக்காதீர்கள். வைத்தால் அதன் விளைவையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று: கைபேசித் திரையில் நீண்ட பதிலின் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதியைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். முதல் இரண்டு வரிகளில் என்ன இருக்கிறது என்பதே பலருக்கு முழுப்பதில்.

முதல் வரைவு உதவியாளனுடையது. அதை அவன் கைபேசியில் தட்டி, அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்டுகிறான்:

“பழைய புத்தகக்கடையில் தூசி இல்லாமல் என்ன இருக்கும்? வேலையாக இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. முழுவிவரம் தெரியாமல் எழுதுவதற்கு முன் யோசிக்கவும்.”

சொல்வதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இதன் சுவை. வாசகரும் ஒரு கணம் ‘சரியாகத்தானே கேட்கிறான்’ என்று நினைக்க வேண்டும். அக்கா படித்துவிட்டு, “நீ எழுதியது எல்லாம் சரிதான். அனுப்பாதே” என்கிறார். அவ்வளவுதான், அறிவுரை எதுவும் இல்லை.

இரண்டாவது வரைவை அக்கா பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறார். இளைஞன் தேநீர் வைக்கும் சாக்கில் எட்டிப் பார்க்கிறான். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள்” என்று பாதியில் நின்று, மேலே நீளமாக ஒரு கோடு. இந்த அடித்தல் முக்கியம். பணிவு என்றால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நினைவுக்கு வரும்: யாருக்கும் அனுப்பக்கூடிய, யாரையும் பார்க்காத பணிவு. ஒரு பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகையும் இதே பணிவோடுதான் பேசும். அவர் அதை அடிக்கும்போது, கோபத்தை மட்டும் விலக்கவில்லை, வெற்றுப் பணிவையும் விலக்குகிறார் என்பது விளக்கமில்லாமலே தெரிந்துவிடும்.

மூன்றாவது வரைவு இரண்டு நாள் கழித்து, கடை பூட்டும் நேரத்தில்:

“நீங்கள் மழையில் வந்து வெறுங்கையோடு திரும்பியதற்கு நான்தான் காரணம். போனில் கேட்டபோது நோட்டைப் பார்த்து இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பிரதி முந்தைய நாளே விற்றிருந்தது. நோட்டில் நான் அடிக்கத் தவறிவிட்டேன். இனி யார் கேட்டாலும் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகே பதில் சொல்வேன். நீங்கள் வந்தபோது நிமிர்ந்து பார்க்காததற்கும் மன்னியுங்கள்.

கணக்குக்குப் பக்கத்தில் சமையல் இருந்தது உண்மை. வாசல் அலமாரியில் உள்ளவை எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. பூச்சி இல்லை என்று தெரிந்த பிறகே பிரித்து வைப்பேன். அதுவரை அந்த வீட்டில் இருந்த வரிசையிலேயே இருக்கும். இதைச் சொல்லி அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். இன்று ஒட்டிவிட்டேன்.

நீங்கள் தேடிய புத்தகம் மறுபடி வந்தால் எடுத்து வைக்கிறேன்.”

இதை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்று பாருங்கள். தவறை ஒப்புக்கொள்கிற வாக்கியமும் காரணம் சொல்கிற வாக்கியமும் ஒட்டாமல் நிற்கின்றன. ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் காரணம் மன்னிப்பைத் தின்றுவிடும். தலை நிமிராததற்குக் காரணம் இருந்தும் அவர் சொல்லவில்லை. தூசியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. ‘மூடிவிடலாம்’ என்பதற்கும் பதில் இல்லை. எந்தெந்த அடிகளுக்குப் பதில் சொல்லவில்லை என்பதில்தான் ஆளின் குணம் தெரிகிறது. இதை எழுத்தாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

படிக்கிறவர் சோதித்துப் பார்க்கக்கூடிய இரண்டு செய்திகளும் இதில் இருக்கின்றன. ஒன்று, புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் இருக்கிறது என்று சொல்வார். மற்றொன்று, ஒரே வீட்டின் புத்தகங்கள் அந்த வீட்டின் வரிசையிலேயே நிற்கும் ஓர் அலமாரி இருக்கிறது. ஆட்களைக் கிளப்பப்போவது இந்த இரண்டும்தான். பள்ளத்துக்கு மேல் பலகை விழுந்துவிட்டது.

ஐந்தாம் படி: எதுவும் நடக்காத வாரங்கள்

பதில் போட்ட மறுநாளே கூட்டம் வரக் கூடாது. சிறிய கடையின் பக்கத்தை ஒரு நாளில் எத்தனை பேர் பார்த்துவிடப் போகிறார்கள்? மூன்று வாரம் விடுங்கள். இதை ஒரு பத்தியில் கடந்துவிடலாம். அதற்குள் ஒரு சின்னக் கணக்கு போதும்.

கடைக்கு முன்பு எட்டு விமர்சனங்கள் இருந்தன: ஆறு பேர் ஐந்து நட்சத்திரம், இரண்டு பேர் நான்கு. கூட்டினால் 38, சராசரி 4.75, திரையில் 4.8 என்று தெரிந்தது. இப்போது ஒரு நட்சத்திரம் சேர்ந்ததும் ஒன்பதுக்கு 39, சராசரி 4.3. பழைய இடத்துக்குப் போக எத்தனை ஐந்து நட்சத்திரம் வேண்டும் என்று இளைஞன் பில் தாளில் போட்டுப் பார்க்கிறான். பதினைந்து. ஒருவர் தள்ளிவிட்ட இடத்துக்கு ஏற வரிசையாகப் பதினைந்து பேர் வர வேண்டும். சிறிய கடைக்கு ஒரு விமர்சனம் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதை எந்த வருணனையையும் விட இந்தக் கணக்கு நன்றாகச் சொல்லும். கதை முடிவதற்குள் அந்தப் பதினைந்து பேரை வரவழைத்துக் கணக்கைச் சரி செய்துவிடாதீர்கள். 4.3 அப்படியே இருக்கட்டும்.

இதே வாரங்களில் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடக்கிறது. வாசல் அலமாரியில் பூச்சி இல்லை என்று உறுதியாகிவிட்டது. வழக்கம்போல இளைஞன் புத்தகங்களைப் பிரித்து அந்தந்தப் பிரிவில் வைத்துவிடுகிறான். கணக்கு கணக்கோடு, சமையல் சமையலோடு. ஒட்டிய சீட்டையும் கிழித்துவிடுகிறான். இதை ஒரே வாக்கியத்தில், முக்கியமில்லாத செய்திபோலச் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆறாம் படி: முதலில் வருவது ஒரு போன்

புதியவர்களைக் கும்பலாகக் கொண்டுவராதீர்கள். முதல் ஆள் கண்ணில் படவே வேண்டாம், குரலாக வரட்டும். இளைஞன் போனை எடுக்கிறான். ஒரு தலைப்பைச் சொல்லி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவனுக்கு இருப்பது நன்றாகத் தெரியும், நோட்டும் எதிரிலேயே இருக்கிறது.

“இருக்கிறது” என்று சொல்ல வாயைத் திறக்கிறான். அக்கா ஒன்றும் சொல்லாமல் விரலால் மேல் தட்டைக் காட்டுகிறார். அவன் போனை மேசையில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போடுகிறான். தரையில் அது கீச்சிடுகிறது. ஏறி, மூன்று புத்தகங்களை நகர்த்தி, நான்காவதை எடுத்து, இறங்கிவந்து போனை எடுக்கிறான்.

“ஐயா, கையில் வைத்திருக்கிறேன். பின்னட்டை கொஞ்சம் மடங்கியிருக்கிறது. பரவாயில்லையா?”

“முக்காலிச் சத்தம் கேட்டது” என்கிறார் மறுமுனையில் இருப்பவர். “மாலையில் வருகிறேன்.”

பதிலைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்று அவர் சொல்லத் தேவையில்லை. சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்பதே போதும். ‘உங்கள் பதிலைப் படித்து நெகிழ்ந்துபோனேன்’ என்று ஒரு பாத்திரம் பேசினால், அந்த வரியை அடித்துவிட்டு அவர் வேறு எதைச் செய்தால் அது தெரியும் என்று யோசியுங்கள்.

ஏழாம் படி: தாமதமாக வந்தவர்

அடுத்து ஒரு பெண் நேரில் வருகிறார். நேராக வாசல் அலமாரிக்குப் போகிறார். அங்கே இப்போது வேறொரு வீட்டின் புத்தகங்கள் பாதி அடுக்கப்பட்டிருக்கின்றன, அல்லது தட்டு காலியாக இருக்கிறது. “ஒரே வீட்டுப் புத்தகங்கள் இருக்கும் என்று போட்டிருந்ததே அம்மா. கணக்கும் சமையலும்?” என்று கேட்கிறார்.

கதையின் உச்சம் இதுதான். பதில் ஆளைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் எதைப் பார்க்க வந்தாரோ அது கடையின் ஒழுங்கான பழக்கத்தாலேயே கலைந்துவிட்டது. யார்மீதும் குற்றமில்லை. விமர்சனம் எழுதியவர் கேட்ட ஒழுங்கு வந்துவிட்டது, வந்தவருக்கு வேண்டியதோ அந்த ஒழுங்கின்மை. இந்தத் திருப்பம் இல்லாவிட்டால் பதிலும் பலனும் என்று கதை நேர்கோட்டில் முடிந்துவிடும்.

அக்கா கொள்முதல் நோட்டைப் புரட்டலாம். ஆனால் அதில் முக்கியமான தலைப்புகள் மட்டுமே இருக்கும், வரிசை இருக்காது. வரிசை தெரிந்தவன் சுமந்துவந்த இளைஞன் மட்டும்தான். அவன் உள்ளே போய், கணக்குப் பிரிவிலிருந்து ஒன்றும் சமையல் பிரிவிலிருந்து ஒன்றும் எடுத்துவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். சமையல் புத்தகத்தைத் திறந்தால், ஓரத்தில் பென்சில் எழுத்து. நான்கு பேருக்கான அளவுகளை யாரோ முப்பது பேருக்கு மாற்றியிருக்கிறார்: ஏழரை மடங்கு, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக. ஓரிடத்தில் முக்கால் கிண்ணத்தை ஏழரையால் பெருக்கி, தப்பாக ஐந்தேகால் என்று போட்டு, அடித்து, ஐந்தே ஐந்தெட்டு என்று திருத்தியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பின்னப் பெருக்கல் அத்தியாயத்தின் ஓரம் மட்டும் விரலழுக்கால் கறுத்திருக்கிறது.

இந்த இடத்தில் நிதானமாக எழுதுங்கள், அவசரமே வேண்டாம். பக்கத்தின் நிறம், பென்சில் அழுத்தம், அடித்த கோடு எல்லாம் வரட்டும். இரண்டு புத்தகங்கள் ஏன் பக்கத்தில் இருந்தன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அந்த வீடு யாருடையது என்று வந்தவர் கேட்டால், அக்கா சொல்லமாட்டார். கொடுத்தவர் பெயரை வாங்குபவரிடம் சொல்வது தொழிலில் நாகரிகமில்லை.

இதற்குப் பின் மேலும் சிலர் வரலாம். எல்லோரும் வாங்குபவர்களாக இருக்க வேண்டாம். வேடிக்கை பார்ப்பவர்கள் வருவார்கள், வரிசையைக் கலைப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். “இவர்களுக்கு ஒற்றை நட்சத்திரக்காரரே மேல் அக்கா, அவர் வாங்க வந்தார்” என்று இளைஞன் முணுமுணுக்கட்டும். புதிய வாடிக்கையாளர் என்றாலே நன்மை என்று நம்புகிற கதைக்கு இந்த ஒரு வரி உப்புப் போடும்.

எட்டாம் படி: எழுதியவரை என்ன செய்வது

அவரைத் திரும்பக் கொண்டுவந்து, மன்னிப்புக் கேட்க வைத்து, நட்சத்திரத்தை ஐந்தாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் முடிவு. அதைச் செய்யாதீர்கள். பதில் வந்த அறிவிப்பு அவருக்குப் போயிருக்கும். அவர் படித்தாரா என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. விமர்சனம் இல்லாவிட்டால் பதில் இல்லை, பதில் இல்லாவிட்டால் போனும் இல்லை, மேசைமேல் இரண்டு புத்தகங்களும் இல்லை. அவர் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது.

ஆனால் பதிலின் கடைசி வரியில் அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்: தேடிய புத்தகம் வந்தால் எடுத்து வைப்பேன் என்று. அதை மறந்துவிடாதீர்கள். அடுத்து வேறொரு வீட்டிலிருந்து வருகிற புத்தகங்களில் அந்தப் புத்தகம் இருக்கிறது. அக்கா அதை எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, பெயர் தெரியாததால் சீட்டில் ‘மழையில் வந்தவர்’ என்று எழுதிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார். அந்த நேரத்தில் புதிய வாடிக்கையாளர் ஒருவர் அதையே கேட்கிறார். கொடுக்கலாமா? உதவியாளன் கொடுக்கச் சொல்கிறான், அக்கா தயங்குகிறார். எத்தனை நாள் வைத்திருப்பது என்று பதிலில் எழுதவில்லையே. கதையை இந்தக் கேள்வியில் நிறுத்தலாம், அல்லது அக்காவின் முடிவைக் காட்டியும் நிறுத்தலாம். நான் முடிவைக் காட்டுவேன்: அவர் கொடுக்கமாட்டார், இளைஞனுக்கு அது பிடிக்காது, இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் கடையைப் பூட்டுவார்கள்.

கடைசியாக: வெட்ட வேண்டியவை

முதல் வரைவு முடிந்ததும் ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு ‘பணிவு’, ‘பொறுமை’, ‘நேர்மை’ ஆகிய சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று தேடுங்கள். அனேகமாக ஒவ்வொன்றையும் எடுத்துவிடலாம். எடுத்தபின் வாக்கியம் விழுந்தால், அந்த வாக்கியமே தேவையில்லை. அடுத்து, விமர்சனத்தையும் பதிலையும் கதையிலிருந்து தனியே பெயர்த்து, கதை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, “இந்தக் கடைக்குப் போவாயா, போனால் முதலில் எதைப் பார்ப்பாய்?” என்று கேளுங்கள். அவர் “வாசல் அலமாரி” என்றோ “போன் செய்து பார்ப்பேன்” என்றோ சொன்னால் பதில் வேலை செய்கிறது. “நல்லவராக இருக்கிறார்” என்று மட்டும் சொன்னால் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், பதிலில் எந்தச் செய்தி குறைகிறது என்று பாருங்கள்.